இரங்கல் மின்னஞ்சலைப் பிழைதிருத்துதல்: கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், கூடூர் செல்லும் ரயில் பாதையையும் கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையையும் ஒட்டி அமைந்துள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிவோர் ஒரே மொழியினரும் அல்லர், ஒரே சமயத்தினரும் அல்லர். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம் தொடங்கிவிடுவதால் தடா, சூலூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து நாள்தோறும் வந்து போவோர் உண்டு. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் திருவள்ளூர் மாவட்டம் முழுவதும் தலைமுறைகளாக வாழ்கின்றன. ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்து தங்கி வேலை செய்வோரும் இருக்கின்றனர். இவர்களுள் ஒருவர் தாயையோ தந்தையையோ இழக்கும்போது முதலில் நடப்பது நேரில் சென்று துக்கம் விசாரிப்பதுதான். உடன் வேலை செய்பவர்கள் மாலை வாங்கிக்கொண்டு, வேன் பிடித்து, ஷிஃப்ட் முடிந்த கையோடு அந்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். போக முடியாதவர்கள்தான், அதாவது தலைமை அலுவலகத்தில் இருப்பவர்கள், வேறு ஊர் ஆலையில் இருப்பவர்கள், பொருள் வாங்கும் நிறுவனத்தின் அலுவலர்கள், இறப்பு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நிகழ்ந்ததால் செல்ல வழியற்றவர்கள் ஆகியோர்தான் மின்னஞ்சல் எழுதுகிறார்கள். நேரில் போகிறவர் எதுவும் பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாலே போதும். அவர் தவறாக ஒரு சொல் சொன்னாலும் முகமும் குரலும் அதைச் சரிசெய்துவிடும். மின்னஞ்சலில் எழுத்தைத் தவிர வேறு எதுவும் போய்ச் சேராது என்பதால், அனுப்புவதற்கு முன் அதை ஒருமுறை பிழைதிருத்திப் பார்ப்பது அந்த விசாரிப்பின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது.

பிழைதிருத்தம் என்றதும் எழுத்துப்பிழையும் சந்திப்பிழையுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. இரங்கல் செய்தியைப் பொறுத்தவரை அந்த வேலை கடைசியில் வருவது. ஏன் அப்படி என்பதை மொழித் தத்துவத்தின் ஒரு கருத்து தெளிவாக்குகிறது. சொல்வதன் மூலமே ஒரு செயலைச் செய்துவிடும் பேச்சைப் பேச்சுச் செயல் என்பர். வாக்களித்தல், எச்சரித்தல், மன்னிப்புக் கேட்டல் ஆகியவை அத்தகையவை. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜே. எல். ஆஸ்டினின் விரிவுரைகள் 1962ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தபோது, பிறருடைய நிலைமைக்கு ஒருவர் காட்டும் எதிர்வினைகளின் வகையில் இரங்கல் தெரிவித்தலும் இடம்பெற்றது. அவருக்குப் பின் வந்த ஜான் செர்ல் இத்தகையவற்றை உணர்வு வெளிப்பாட்டுச் செயல்கள் என்று வகைப்படுத்தி, அவற்றின் தனித்தன்மை ஒன்றைச் சுட்டினார்: ஓர் உணர்வு வெளிப்பாடு எந்த நிகழ்வையும் புதிதாக அறிவிப்பதில்லை, நிகழ்வு உண்மை என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு அதன்மீதே நிற்கிறது. இறந்தவர் யார், அவர் இவருக்கு என்ன உறவு, அந்த இழப்புக்கு உரியவர் யார் என்ற மூன்றும் சரியாக இருந்தால்தான் இரங்கல் என்ற செயலே நிகழும். தந்தையை இழந்தவரிடம் தாயின் மறைவுக்கு வருந்துவதாக எழுதினால், அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இருக்காது. ஆனால் இரங்கல் நடந்திருக்காது. ஆகவே உண்மை சரிபார்ப்பது முதல் வேலை, வேண்டாத வாக்கியங்களை எடுப்பது இரண்டாவது வேலை, எழுத்தைத் திருத்துவது மூன்றாவது வேலை என்ற வரிசை இங்கே அமைகிறது.

மின்னஞ்சல் என்ற ஊடகத்துக்கே உரிய ஓர் இயல்பும் இந்தக் கவனத்தைக் கூட்டுகிறது. தமிழ்நாட்டில் சாவுச் செய்தி தாங்கிவரும் அஞ்சலட்டையின் ஒரு முனையைக் கிழித்து அனுப்புவதும், படித்தபின் அதை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் கிழித்துப் போடுவதும் வழக்கமாக இருந்தன. கருமாதிப் பத்திரிகையையும் பல வீடுகளில் பத்திரப்படுத்துவதில்லை. தந்தி வந்தது என்றாலே சாவுச் செய்தியோ என்று ஊர் கலங்கிய காலமும் இருந்தது. அந்தத் தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்துடன் நிறுத்தப்பட்டது. துக்கச் செய்தி தங்காமல் கடந்துபோக வேண்டும் என்பதே இந்த வழக்கங்களுக்கு அடியில் இருந்த எண்ணம். மின்னஞ்சலோ தானாக அழிவதில்லை. ஆறு மாதம் கழித்து வேறெதையோ தேடும்போது அது திரையில் மீண்டும் வந்து நிற்கும். முதல் நாளின் குழப்பத்தில் மேலோட்டமாகப் படித்து விட்டவர் அப்போது ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் படிக்க நேரும். முதல் வாசிப்பில் கண்ணில் படாத பிழை அந்த இரண்டாம் வாசிப்பில் தப்பாது.

உண்மை சரிபார்ப்பதில் முதல் கண்ணி செய்தி வந்த வழி. ஆலையில் இறப்புச் செய்தி பெரும்பாலும் வாய்வழியாகவும் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகவும் பரவுகிறது. ஒரு ஷிஃப்டில் இருந்து அடுத்த ஷிஃப்டுக்குப் போவதற்குள் அது உருமாறிவிடுவதுண்டு. மாமனாரையும் அப்பா என்றே அழைப்பவர்கள் உண்டு. பெரியம்மாவிடம் வளர்ந்து அவரையே அம்மா என்று சொல்பவர்களும் உண்டு. “அவங்க அப்பா தவறிட்டாராம்” என்ற வாய்ச்சொல்லில் இருந்து எந்த உறவு என்பதை உறுதிசெய்ய முடியாது. விடுப்பு விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்ட மேற்பார்வையாளரிடமோ, அந்த வீட்டுக்கே போய்வந்த ஒருவரிடமோ ஒரு நிமிடம் கேட்டறிவதே போதுமானது. கேட்கும்போது இறப்பின் காரணத்தை விசாரிக்க வேண்டியதில்லை. மின்னஞ்சலில் அதற்கு இடமில்லை என்பதால் அது தெரியாமல் இருப்பதே நல்லது. “திடீர் மறைவு”, “நீண்ட நாள் நோய்க்குப் பின்” போன்ற தொடர்கள் பழக்கத்தால் வரைவில் வந்து அமர்ந்துவிடுபவை. அவை காரணத்தைப் பற்றிய கூற்றுகள் என்பதால் அவற்றை எடுத்துவிட வேண்டும்.

வடமாநிலத் தொழிலாளரைப் பொறுத்தவரை இன்னொரு கூற்றும் ஆராயத்தக்கது. “கடைசிக் காலத்தில் அருகில் இருந்து பார்த்துக்கொண்டீர்கள்” என்பது உள்ளூர்க்காரருக்கு ஆறுதலாக அமையலாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை சென்று, முன்பதிவு இல்லாமல் ரயிலேறி ஊர் போய்ச் சேர்வதற்குள் தகனம் முடிந்துவிட்ட ஒருவருக்கு அதே வரி குத்தலாகவே படும். எழுதுபவருக்கு நேரடியாகத் தெரியாத எதையும் இரங்கல் செய்தி உண்மையாகக் கூறக் கூடாது என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டால் இத்தகைய வாக்கியங்கள் எல்லாம் தாமே உதிர்ந்துவிடும். இவ்வாறு ஊர் திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளர் பலருக்கு அலுவலக மின்னஞ்சல் முகவரியே இருப்பதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவர்களுக்கு இரங்கல் தெரிவிக்க விரும்பும் அலுவலர் தொலைபேசியில் அழைப்பதும், மொழி தடையானால் அவருடைய ஊர்க்காரர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பேசுவதும்தான் வழி; முகவரி இல்லை என்பதற்காக அந்த விசாரிப்பு விடுபட்டுப் போவது நியாயமில்லை.

இப்போது பெயருக்கு வரலாம். இரங்கல் மின்னஞ்சலில் மிகக் கொடிய பிழை நிகழக்கூடிய இடம் விளிச்சொல் என்பதும், அது கவனக்குறைவால் மட்டும் நிகழ்வதில்லை, தமிழ்ப் பெயரிடும் முறைக்கும் அலுவலக மென்பொருளுக்கும் இடையிலான முரணாலும் நிகழ்கிறது என்பதும் பலரும் எண்ணிப் பார்க்காத செய்திகள். தமிழர்க்குப் பொதுவாகக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னெழுத்தாக, வழக்கில் இனிஷியல் எனப்படுவதாக, நிற்கிறது. ஆனால் ஊழியர் விவரப் பதிவேடுகளுக்கான மென்பொருள்கள் முதற்பெயர், கடைசிப்பெயர் என இரண்டு கட்டங்களைக் கட்டாயமாகக் கேட்கின்றன. இரண்டாம் கட்டத்தை நிரப்புவதற்காக ஊழியர் தம் தந்தையின் பெயரை விரித்து எழுதிவிடுகிறார். எடுத்துக்காட்டுக்காக மட்டும் ஒரு பெயரைக் கற்பனை செய்துகொண்டால், மு. செந்தில் என்பவர் பதிவேட்டில் செந்தில் முருகேசன் ஆகிவிடுகிறார். மேனாட்டு முறைப்படி மரியாதை விளி கடைசிப்பெயரோடு சேரும் என்று கற்றிருக்கும் தலைமை அலுவலகப் பணியாளர் ஒருவர், அல்லது அவ்வாறு அமைக்கப்பட்ட கடித வார்ப்புரு, அந்தப் பதிவைப் பார்த்து “மதிப்பிற்குரிய திரு. முருகேசன் அவர்களுக்கு” என்று தொடங்குகிறது. முருகேசன் என்பவர் முந்தைய நாள் இறந்த தந்தை. தந்தை இறந்ததற்கு இரங்கும் கடிதம் அந்தத் தந்தையின் பெயருக்கே எழுதப்பட்டதாக ஆகிவிடுகிறது.

சாதாரண நாள்களில் இவ்வாறு தந்தை பெயரால் விளிக்கப்படுவதைத் தமிழர்கள் பொறுத்துக்கொண்டு பழகிவிட்டார்கள். வாடிக்கையாளர் சேவை மையங்களும் விமான நிறுவனங்களும் அப்படித்தான் அழைக்கின்றன. அந்தப் பழக்கமே துக்க நாளிலும் இந்தப் பிழையை யாரும் கவனிக்காமல் போகச் செய்கிறது. தெலுங்கு வழக்கு இதற்கு நேர்மாறானது: அங்கே வீட்டுப்பெயர் எனப்படும் குடும்பப் பெயர் முன்னால் வருகிறது, இயற்பெயர் பின்னால் வருகிறது. ஆகவே முதற்பெயரை எடுத்து விளித்தால் ஒருவரை அவருடைய வீட்டுப்பெயரால் அழைத்ததாகிவிடும். அது தந்தை பெயரால் விளிப்பது போலக் காயப்படுத்தாது என்றாலும், எழுதியவருக்குத் தம்மைத் தெரியாது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரைக் கடைசிப்பெயராக மாற்றிக்கொண்ட பெண் ஊழியருக்கு எழுதும்போது, இறந்தவரின் பெயரைக் கடைசிப்பெயரிலிருந்து ஊகித்து எழுதினால், உயிரோடிருக்கும் கணவருக்கோ மாமனாருக்கோ இரங்கல் சொன்னதாக முடியும். பதிவேட்டை நம்பாமல், ஆலையில் அவரை எந்தப் பெயரால் அழைக்கிறார்களோ அந்தப் பெயரையே எழுதுவதும், இறந்தவரின் பெயர் ஐயமறத் தெரிந்தாலொழிய அதைக் குறிப்பிடாமல் “உங்கள் அப்பா”, “உங்கள் அம்மா” என்று உறவைக் கொண்டே சொல்வதும் பாதுகாப்பானவை.

மொழித் தேர்வும் உண்மை சரிபார்ப்பிலேயே அடங்கும். எல்லைப் பகுதியில் தமிழைச் சரளமாகப் பேசுபவர் அனைவரும் தமிழைப் படிக்கத் தெரிந்தவர் அல்லர். தெலுங்கு வழிப் பள்ளியில் பயின்றவருக்கு வரும் தமிழ் மின்னஞ்சலை இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். துக்கத்தில் இருப்பவரை அந்நிலைக்கு ஆளாக்குவதைவிட எளிய ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதுவது நல்லது. தமிழ் படிக்கத் தெரிந்தவருக்குத் தமிழில் எழுதுவதில் உள்ள நெருக்கம் வேறு மொழியில் கிடைக்காது.

அடுத்து, சமயம் சார்ந்த சொற்கள். தமிழில் இறப்பைக் குறிக்கும் மங்கல வழக்குகள் பெரும்பாலும் ஒரு நம்பிக்கையைத் தாங்கி நிற்பவை. சிவலோகப் பதவி அடைந்தார் என்பது சைவ வழக்கு. ஆசாரியன் திருவடி அடைந்தார் என்பது வைணவ வழக்கு. கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பது கிறித்தவ வழக்கு. வஃபாத்தானார் என்பது இசுலாமிய வழக்கு. இயற்கை எய்தினார் என்பது கடவுள் நம்பிக்கையற்றவர்கள் விரும்பி ஆள்வது. குடும்பத்தாரே வெளியிட்ட அறிவிப்பில் இவற்றுள் ஒன்று இருந்தால், அதைப் பின்பற்றுவதில் தவறில்லை. அறிவிப்பைக் காணாத நிலையில் “காலமானார்” என்பதும் “மறைவு” என்பதும் எல்லோருக்கும் பொருந்தும். “ஆன்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறேன்” என்பது ஏறக்குறைய அனிச்சையாகவே கையில் வரும் வாக்கியம். சடங்குகள் இன்றிப் படத்திறப்பு மட்டும் நடத்தும் ஒரு திராவிட இயக்கக் குடும்பத்துக்கு அது தம் தந்தையின் வாழ்நாள் கொள்கையை மதிக்காத வாக்கியமாகப் படலாம். எழுதுபவரின் பக்தி உண்மையானதாகவே இருந்தாலும், இரங்கல் செய்தியில் முன்னிற்க வேண்டியது இழந்தவரின் நம்பிக்கைதான்.

வேண்டாத வாக்கியங்களில் இன்னொரு வகை, துக்கத்தின் அளவை எழுதுபவரே தீர்மானிப்பது. முதிர்ந்த வயதில் இறந்தவரைக் கல்யாணச் சாவு என்று சொல்லி மேளதாளத்தோடு வழியனுப்பும் மரபு வட தமிழகத்தில் வலுவாக உள்ளது. ஆனால் அதைச் சொல்லும் உரிமை குடும்பத்துக்கும் உறவினருக்கும் உரியது. அலுவலகத்திலிருந்து வரும் கடிதம் “நிறைவாழ்வு வாழ்ந்தவர், ஆகவே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்” என்று எழுதும்போது, இவ்வளவு வருந்தத் தேவையில்லை என்ற தீர்ப்பு அதனுள் ஒலிக்கிறது. “உங்கள் வலி எனக்குப் புரிகிறது” என்பதும், தம் சொந்த இழப்பை விவரித்து ஒப்பிடுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. அவை பேச்சை இழந்தவரிடமிருந்து எழுதுபவரிடம் திருப்பிவிடுகின்றன.

எழுத்துப்பிழைகளுக்கு வந்தால், தமிழில் இரங்கல் எழுதுவோர் எதிர்கொள்ளும் முதன்மையான இடர், பிழையான வடிவமும் ஒரு சரியான சொல்லாகவே இருப்பது. இவற்றைச் சொற்பிழை திருத்தும் மென்பொருள் கோடிட்டுக் காட்டாது. ஏனெனில் அகராதியில் அந்தச் சொல்லும் இருக்கிறது. இரங்கலுக்குப் பதிலாக இறங்கல் என்று எழுதுவது கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில்கூடக் காணப்படுகிறது; முன்னது வருந்துதல், பின்னது கீழே வருதல். இறந்த என்பது இரந்த ஆகிவிட்டால் பிச்சையெடுத்த என்று பொருள் மாறிவிடும். வருந்துகிறோம் என்ற சொல்லில் மெல்லின ஒற்று வல்லின ஒற்றாக மாறினால் வருத்துகிறோம் ஆகிறது. துன்புறுகிறோம் என்று சொல்ல வந்தவர் துன்புறுத்துகிறோம் என்று சொல்லிவிடுகிறார். மனம் என்பது மணம் ஆவதும் இத்தகையதே. பிரிவு என்ற சொல் எழுத்துப்பிழை இல்லாமலேயே ஆலைச் சூழலில் தடுமாறச் செய்யும்: “தங்கள் தந்தையாரின் பிரிவு” என்று தொடங்கும் வரியை, பராமரிப்புப் பிரிவு, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு என்று நாள் முழுவதும் படிக்கும் கண் ஒரு கணம் வேறாகப் படித்துவிட்டே திரும்பும். அங்கே மறைவு என்று எழுதுவது தெளிவு.

பிழைதிருத்துவோர் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை, எழுதியதை உரக்கப் படித்துப் பார்ப்பது. தொனியையும் வாக்கிய அமைப்பையும் சோதிக்க அது சிறந்த வழி. சொந்த வாயால் சொல்லக் கூசும் வாக்கியத்தை அது உடனே காட்டிவிடும். ஆனால் ரகர, றகர வேறுபாடு இன்றைய பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிட்டதால், இரங்கலும் இறங்கலும் காதுக்கு ஒன்றாகவே கேட்கும். ணகர, னகர வேறுபாட்டுக்கும் இதே நிலைதான். கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளால் தட்டித் தமிழாக மாற்றிக்கொள்பவருக்கு இடர் இரட்டிப்பாகிறது. விசைப்பலகை இரண்டு வடிவங்களையும் பரிந்துரைக்கும், அவசரத்தில் விரல் எதையாவது தொட்டுவிடும். ஆகவே இந்தச் சில சொற்களைக் கண்ணால் எழுத்தெழுத்தாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கைப்பேசியில் எழுதியதைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் கண் பழகிய இடத்தைத் தாண்டி ஓடாமல் நிற்கும்.

இவை அனைத்தும் ஒரே வரைவில் எவ்வாறு கூடி நிற்கும் என்பதைக் காண, இதற்கென்றே அமைத்த ஒரு மாதிரியை எடுத்துக்கொள்ளலாம். ஆலையின் கணக்குப் பிரிவில் உள்ளவர், தரக்கட்டுப்பாட்டில் பணிபுரியும், மேலே கற்பனை செய்த அதே செந்திலுக்கு எழுதுகிறார் என்று கொள்க. இறந்தவர் தந்தை. வரைவு இவ்வாறு இருக்கிறது:

> பொருள்: மறுமொழி: இம்மாத டெஸ்பாட்ச் திட்டம்
>
> மதிப்பிற்குரிய திரு. முருகேசன் அவர்களுக்கு,
>
> வணக்கம். தங்கள் தாயாரின் திடீர் மறைவுச் செய்தி கேட்டு மிகுந்த அதிர்ச்சியும் வேதனையும் அடைந்தேன். எண்பது வயது வரை நிறைவாக வாழ்ந்தவர் என்பதால் மனதைத் தேற்றிக்கொள்ளவும். தங்கள் தந்தையாரின் ஆன்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறோம். எங்கள் பிரிவின் சார்பில் ஆழ்ந்த இறங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன். எந்த உதவி தேவைப்பட்டாலும் தயங்காமல் கேட்கவும். திங்கட்கிழமை ஆடிட் இருப்பதால் பரிசோதனை அறிக்கைகள் எங்கே உள்ளன என்பதை மட்டும் தெரிவிக்கவும்.
>
> நன்றி. இந்த நாள் இனிய நாளாகட்டும்!

முதலில் உறவு. ஒரு வரியில் தாயார், அடுத்த வரிக்கு அடுத்ததில் தந்தையார் என்று இருப்பதிலிருந்து, முன்பு வேறொருவருக்கு எழுதிய கடிதத்தை நகலெடுத்து ஓர் இடத்தில் மட்டும் மாற்றியிருக்கிறார் என்பது தெரிகிறது. நகலெடுத்த கடிதத்தில் உறவுச் சொல் வரும் ஒவ்வோர் இடத்தையும் தேடிப் பார்ப்பதைவிட, புதிதாக நான்கு வரி எழுதுவது விரைவானது. பிழைக்கும் இடம் இருக்காது. விளியில் இறந்தவர் பெயர் நிற்கிறது. அடைந்தேன், பிரார்த்திக்கிறோம், தெரிவித்துக்கொள்கிறேன் என்று எழுவாய் மாறி மாறி வருகிறது. ஒருவர் எழுதுகிறாரா, பிரிவினர் அனைவரும் எழுதுகிறார்களா என்பதை முடிவுசெய்து ஒன்றையே கடைப்பிடிக்க வேண்டும். “திடீர்” என்பதும் எண்பது வயது என்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்பதோடு, இரண்டுமே எழுதியவருக்கு உறுதியாகத் தெரிந்தவை அல்ல. பொருள் வரி, பழைய உற்பத்தி உரையாடலுக்கு மறுமொழியாக எழுதியதைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த உரையாடலில் இருந்த அத்தனை பேருக்கும் நகல் போவதோடு, கீழே லாரி எண்களும் தாமதப் புகார்களும் தொங்கிக்கொண்டிருக்கும். இறுதி வரி எழுதியவர் எழுதியதே அன்று. எல்லாக் கடிதங்களிலும் தானாகச் சேரும் கையொப்பத்தில் என்றோ சேர்த்துவைத்தது. துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வரும் வழக்கமுள்ள ஊரில் அந்த வரி எவ்வளவு அந்நியமாக ஒலிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தணிக்கை பற்றிய வரி தனியாகக் கவனிக்கத்தக்கது. உண்மையில் அந்த அறிக்கைகள் தேவைப்படலாம். திங்கட்கிழமை தணிக்கை நிற்கப் போவதில்லை. அதற்கு விடை காண வேண்டிய இடம் அவருடைய மேற்பார்வையாளர், அல்லது அதே மேசையில் உடன் பணிபுரிபவர். கேட்டே தீர வேண்டிய நிலை வந்தாலும், அது வேறொரு நாளில், வேறொரு வழியில் கேட்கப்பட வேண்டும். இரங்கலோடு ஒரு கோரிக்கையைச் சேர்த்தால், மேலே உள்ள வரிகள் எல்லாம் அந்தக் கோரிக்கைக்கான முன்னுரையாகவே படிக்கப்படும். மாறாக, “எந்த உதவி தேவைப்பட்டாலும்” என்ற எல்லையற்ற வாக்குறுதியை எடுத்துவிட்டு, அந்தத் தணிக்கையையே உதவியாக மாற்றிச் சொல்லலாம். அதற்கு முன், அவ்வாறு செய்ய முடியும் என்பதைப் பிரிவுத் தலைவரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். திருத்திய வடிவம்:

> பொருள்: இரங்கல்
>
> அன்புள்ள செந்தில்,
>
> உங்கள் அப்பா காலமான செய்தி இன்று காலை தெரிந்தது. மிகவும் வருந்துகிறோம். உங்களுக்கும் அம்மாவுக்கும் குடும்பத்தார் அனைவருக்கும் எங்கள் ஆழ்ந்த இரங்கல்.
>
> திங்கட்கிழமைத் தணிக்கையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.
>
> கணக்குப் பிரிவு நண்பர்கள்

இந்த வடிவிலும் ஓர் உண்மைக் கூற்று புதிதாக நுழைந்திருக்கிறது: அம்மா உயிருடன் இருக்கிறார் என்பது. அது உறுதியாகத் தெரியாவிட்டால் அந்தச் சொல்லை நீக்கி, குடும்பத்தார் என்பதோடு நிறுத்த வேண்டும். திருத்திய வரைவையும் ஒருமுறை முதலிலிருந்து சரிபார்க்க வேண்டியிருப்பது இதனால்தான். “உங்கள் அப்பா” என்பது ஒத்த நிலையில் உள்ளவர்க்குப் பொருந்துவது. வயதிலோ பதவியிலோ மூத்தவருக்கு எழுதும்போது “தங்கள் தந்தையார்” என்றும் “ஐயா” என்றும் மாறும், ஆனால் வரிகளின் எண்ணிக்கை கூட வேண்டியதில்லை. எழுதுபவர் இறந்தவரை நேரில் அறிந்திருந்தால், ஆயுதபூசைக்கு ஆலைக்கு வந்தபோது பேசியது போன்ற ஒரு மெய்யான நினைவை ஒரு வரியில் சேர்க்கலாம். அறியாதவர் “நல்ல மனிதர்” என்று பொதுப்படப் புகழ்வது வெறும் இடநிரப்பலாகவே நிற்கும்.

அனுப்பும் நேரத்துக்குரிய கவனங்கள் சில. புதிய அஞ்சலாகத் தொடங்கி, முகவரியைக் கடைசியில் இடுவது, பாதி எழுதியது தவறுதலாகப் போய்விடாமல் காக்கும். ஒரே பெயரில் இருவர் பணிபுரியும் ஆலையில், தானாக நிரம்பும் முகவரி வேறொருவருடையதாக இருக்கக்கூடும். அவசரக் குறியும் வாசித்ததற்கான ஒப்புகைக் கோரிக்கையும் வேண்டாம். அவருடைய விடுப்பு அறிவிப்புத் தானியங்கிப் பதிலாகத் திரும்பி வந்தால் அதற்கு மறுமொழி அனுப்பக் கூடாது.

பிழையோடு அஞ்சல் போய்விட்டால் என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. ஜிமெயிலில் அனுப்பியதை மீட்கும் வசதி அதிகபட்சம் 30 நொடி வரைதான். அவுட்லுக்கில் அஞ்சலைத் திரும்பப் பெறும் வசதி ஒரே நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படுவது, அதுவும் எப்போதும் வெற்றி பெறுவதில்லை. சில அமைப்புகளில் திரும்பப் பெற முயன்ற செய்தியே பெறுபவருக்குத் தனியாகப் போய் நின்று, இல்லாத கவனத்தை ஈர்க்கும். ஆகவே பிழையின் தன்மையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஒற்று மிகுந்தது, சந்தி விடுபட்டது, ஏன், இரங்கல் இறங்கல் ஆனதுகூட அப்படியே விடப்படலாம். அதற்காக இரண்டாம் அஞ்சல் அனுப்புவது துக்கத்தில் இருப்பவரை எழுதியவரின் சங்கடத்தைத் தாங்கச் செய்வதாகும். பெயரோ உறவோ மாறிப்போயிருந்தால் மட்டும் திருத்தம் கட்டாயம். ஏனெனில் அங்கே இரங்கல் இன்னும் தெரிவிக்கப்படவே இல்லை. அந்தத் திருத்தம் இரண்டு வரியில் அடங்க வேண்டும்: “முந்தைய அஞ்சலில் உறவைத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டோம், மன்னிக்கவும். உங்கள் அப்பாவின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல்.” பிழை எப்படி நேர்ந்தது என்ற விளக்கம் அதில் இடம்பெறக் கூடாது, தேவையானால், அவர் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு நேரில் சொல்லலாம்.